மெத்தா அமர்வு நடத்துவோருக்கு: தன்னிலிருந்து பகைவர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மெத்தா என்பது எல்லோருக்கும் நல்லதை விரும்பிப் பழகும் பௌத்தத் தியானம். ஒரு குழுவுக்கு அதைச் சொல்லித் தரும்போது பாதி நேரம் வரை எல்லாம் சீராகப் போகும். "இப்போது உங்களுக்கு ஒத்துவராத ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னதும் அறையே இறுகிவிடும். ஒருவர் கண்ணைத் திறந்து மின்விசிறியைப் பார்ப்பார். இன்னொருவர் பல்லைக் கடித்துக்கொண்டு வரிகளை ஒப்பிப்பார். மூன்றாமவர் வீட்டுக்குப் போய், இதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது என்று முடிவு செய்துவிடுவார். இதில் அவர்கள் குறை எதுவும் இல்லை. அந்தக் கட்டத்துக்கு வருவதற்கு முன் யாரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னோம், என்ன வரிகளைக் கொடுத்தோம், எவ்வளவு வேகமாக நகர்ந்தோம் என்பதிலேயே அது பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது.

சென்னையில் ஞாயிறு மாலை கூடும் சிறிய பௌத்தக் குழு ஒன்றை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பதினைந்து, இருபது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் பாயில், முட்டிவலி உள்ளவர்கள் நாற்காலியில். கையில் இருப்பது ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். திரிசரணமும் பஞ்சசீலமும் சொல்ல ஐந்து நிமிடம், உரைக்குப் பன்னிரண்டு நிமிடம், தியானத்துக்கு முப்பத்தைந்து நிமிடம், மிச்சம் பேசுவதற்கு. பேசும் நேரத்தைத் தயவுசெய்து குறைக்காதீர்கள். யாருக்கு எங்கே சிக்கியது என்பது அப்போதுதான் தெரியவரும்.

வரிசை எங்கிருந்து வருகிறது

தான், மதிப்புக்குரியவர், நெருங்கிய நண்பர், நடுநிலையானவர், பகைவர் என்ற இந்த வரிசையை விரிவாகச் சொல்லும் நூல் விசுத்திமக்கம். 5-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் புத்தகோசர் எழுதியது. அவர் நமக்கு அந்நியர் இல்லை. புத்தர் உரைகளின் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயத்துக்கு எழுதிய உரையின் முடிவில், காஞ்சிபுரம் முதலான இடங்களில் தன்னோடு தங்கியிருந்த ஜோதிபாலர் என்ற தேரர் கேட்டுக்கொண்டதால் அதை எழுதியதாகச் சொல்கிறார். அதே காஞ்சியில்தான் மணிமேகலைக்கு அறவண அடிகள் அறம் சொல்கிறார். காப்பியத்தின் கடைசிக் காதையில், மைத்திரி என்கிற மெத்தா, கருணை, முதிதை இவற்றை அறிந்து அந்த நல்லுணர்வால் "செற்றம் அற்றிடுக" என்கிறார். உரையைத் தொடங்க இந்த இடம் பொருத்தமானது. தமிழ்க் குழுவுக்கு மெத்தா என்பது வெளியிலிருந்து வந்த சரக்காகத் தோன்றாது. அதோடு, இந்தப் பயிற்சி எதை நீக்குவதற்காக இருக்கிறது என்பதும் முதல் நிமிடத்திலேயே தெளிவாகிவிடும். செற்றம், அதாவது மனதில் ஊறிக் கெட்டிப்பட்ட பகை.

உரையில் என்ன சொல்வது

பன்னிரண்டு நிமிடத்தில் இரண்டு விஷயங்களை மட்டும் சொல்லுங்கள்.

முதலாவது, நாம் செய்யப்போவது ஒருவருக்கு நல்லதை விரும்புவது. நெஞ்சு நெகிழ வேண்டும், கண்ணில் நீர் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வரி உலர்ந்துபோய் ஒலித்தாலும், அதன் அர்த்தத்தோடு சம்மதித்துச் சொன்னால் பயிற்சி நடக்கிறது என்றுதான் பொருள். இதைச் சொல்லாமல் விட்டால் பாதிப் பேர் முப்பத்தைந்து நிமிடமும் தங்கள் நெஞ்சில் ஏதாவது நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டாவது, யாரைத் தேர்ந்தெடுப்பது. இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடுவதற்கு முன்பே ஆளை முடிவு செய்துவிட வேண்டும். மூடிய பிறகு தேடினால் மனது தன் விருப்பப்படி ஓடும். அது ஓடிப்போய் நிற்கும் இடம் பெரும்பாலும் ரணமான இடமாகத்தான் இருக்கும். ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்து, நண்பர், நடுநிலையானவர், ஒத்துவராதவர் என்று மூன்று பெயர்களை எழுதி மடித்து வைத்துக்கொள்ளச் சொல்லலாம். யாரும் யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

நண்பரைத் தேர்ந்தெடுப்பதற்கு விசுத்திமக்கம் சில எல்லைகள் போடுகிறது. அவை இன்றும் அப்படியே செல்லுபடியாகும். இறந்தவரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்கிறது அது. நம் குழுக்களில் இதை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். "உங்களுக்கு மிகவும் அன்பானவர்" என்றதும் பாதிப் பேர் மறைந்த அம்மாவையோ அப்பாவையோ நினைப்பார்கள். வரி இரண்டு சொல்வதற்குள் துக்கம் பொங்கிவிடும். அந்தத் துக்கத்தில் தவறில்லை, ஆனால் அது வேறு ஒன்று. அம்மாவுக்குப் புண்ணியத்தைச் சமர்ப்பிக்க அமர்வின் முடிவில் இடம் தரலாம். மெத்தாவுக்கு உயிரோடு இருப்பவரே வேண்டும்.

காமம் கலக்க வாய்ப்புள்ள உறவும் தொடக்கத்தில் வேண்டாம். அன்பான ஒருவர் மீது மெத்தா செய் என்று சொல்லப்பட்டதும், தன் மனைவியை நினைத்து உட்கார்ந்து, இரவு முழுக்கச் சுவரோடு மோதிக்கொண்டிருந்த ஒருவனின் கதை அந்நூலிலேயே வருகிறது. கணவன், மனைவி, காதலிப்பவர் எல்லோருக்கும் பிறகு இடம் உண்டு. முதல் ஆளாக, நமக்கு ஒரு காலத்தில் கைகொடுத்த ஒருவர் போதும். எண்களைப் பொறுமையாகச் சொல்லித் தந்த பள்ளி ஆசிரியர், முதல் வேலைக்குச் சிபாரிசு செய்த பக்கத்து வீட்டு அண்ணன் போன்றவர்கள். அவரிடம் நமக்கு இன்று எந்த எதிர்பார்ப்பும் பாக்கி இருக்கக் கூடாது.

நடுநிலையானவர் என்றால், தினமும் பார்க்கிறோம், பிடிக்கும் என்றோ பிடிக்காது என்றோ சொல்ல முடியாது, அப்படி ஒருவர். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர், ஆவின் பூத்தில் பால் எடுத்துத் தருபவர், பஸ் நடத்துநர் ஒருவர்.

ஒத்துவராதவரைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது, உங்கள் வாழ்க்கையின் மிகப் பெரிய காயத்தை முதல் நாளில் தொடாதீர்கள் என்பது. சின்ன உரசல் போதும். கேட்டின் குறுக்கே ஸ்கூட்டியை நிறுத்துபவர், அலுவலகத்தில் உங்கள் பேச்சை எப்போதும் இடைமறிப்பவர். இப்போதும் உங்களை அடித்துக்கொண்டிருப்பவர், மிரட்டிக்கொண்டிருப்பவர் யாராவது இருந்தால் அவர் இந்தப் பயிற்சிக்கான ஆளே இல்லை. அங்கே முதல் வேலை பாதுகாப்பு. இதைக் குழுவின் முன் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒருவர் பெயரைச் சுட்டிக் கேட்க வேண்டாம். பொதுவாகச் சொன்னால் கேட்க வேண்டியவர் காதில் விழும். பெண்களுக்கான 181 உதவி எண்ணையும் அறிவிப்போடு சேர்த்துச் சொல்லிவிடுவது என் வழக்கம்.

வரிகள்

பாலியில் தனக்காகச் சொல்லும் வாய்பாடு இது: "அஹம் அவேரோ ஹோமி, அப்யாபஜ்ஜோ ஹோமி, அனீகோ ஹோமி, சுகீ அத்தானம் பரிஹராமி." நான்கு வரி, நான்கு விருப்பம். குழுவுக்கு நான் தரும் தமிழ் வடிவம்:

"நான் பகை இல்லாம இருக்கணும்.
என் மனசு நோகாம இருக்கணும்.
என் உடம்புக்கு வாதை இல்லாம இருக்கணும்.
நான் சுகமா என்னைப் பார்த்துக்கணும்."

பேச்சு வழக்கிலேயே வைத்திருக்கிறேன். நம் வீடுகளில் பெரியவர்கள் "நல்லா இருக்கணும்" என்று தலையில் கைவைத்துச் சொல்வது இதே தொனியில்தான். செய்யுள் நடையில் கொடுத்தால் சிலர் ஸ்தோத்திரம்போல வேகமாக ஒப்பிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நான்குக்கு மேல் வரி சேர்க்காதீர்கள். ஐந்தாவது வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளவே மனது வேலை செய்துகொண்டிருக்கும்.

முதல் படி: தனக்கு

நான்கு நிமிடம் வெறுமனே உட்காரச் சொல்லுங்கள். முதுகு நிமிர்ந்து, தோள் தளர்ந்து, கை மடியில். மூச்சை எண்ண வேண்டாம். வெளியே ஆட்டோ சத்தம், மின்சார ரயில் சத்தம் எது கேட்டாலும் கேட்டுவிட்டுப் போகட்டும். பிறகு மெதுவாக:

"உங்களுக்கு வலி வேண்டாம், நிம்மதி வேண்டும். அது எல்லாருக்கும் இருக்கிற விருப்பம்தான். அந்த விருப்பத்தை ஒரு தடவை உள்ளே பாருங்க. இப்போ என்னோட சேர்ந்து மனசுக்குள்ள சொல்லுங்க."

ஒரு வரி சொன்னதும் மூன்று மூச்சு நேரம் விடுங்கள். பதினைந்து விநாடி போல இருக்கும். வழிநடத்துபவருக்கு அது யுகமாகத் தோன்றும். உட்கார்ந்திருப்பவருக்குச் சரியாக இருக்கும். நான்கு வரிகளையும் இரண்டு சுற்று நீங்கள் சொல்லுங்கள். மூன்றாவது சுற்றை அவர்களிடம் விட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். புதிதாக நடத்துபவர்கள் செய்யும் பெரிய பிழை இடைவெளியை வார்த்தையால் நிரப்புவதுதான். அறிவுரை, உருவகம், வெளிச்சம் பரவுகிறது, தாமரை மலர்கிறது என்றெல்லாம் பேசிக்கொண்டே போனால் அவர்கள் உங்கள் பேச்சைக் கேட்பார்கள். தங்கள் வரியைச் சொல்ல மாட்டார்கள்.

இந்தப் படியின் வரிகளுக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் தேவையில்லை. தனக்கு மட்டுமே நூறு ஆண்டு, ஆயிரம் ஆண்டு மெத்தா செய்தாலும் ஆழ்ந்த ஒருமை கிட்டாது என்று விசுத்திமக்கம் நேராகவே சொல்கிறது. அப்படியென்றால் ஏன் தன்னிலிருந்து தொடங்குவது? தன்னைச் சாட்சியாக வைப்பதற்கு. கோசல மன்னன் பசேனதியும் அவன் அரசி மல்லிகையும் பேசிக்கொண்டது உதானம் என்ற பாலி நூலில் வருகிறது. உன்னைவிட உனக்குப் பிரியமானவர் யாராவது உண்டா என்று மன்னன் கேட்கிறான். இல்லை என்கிறாள் மல்லிகை. தனக்கும் அப்படியே என்று ஒப்புக்கொள்கிறான் மன்னன். அதைக் கேட்ட புத்தர், எல்லாத் திசையிலும் தேடினாலும் தன்னைவிடப் பிரியமானதை யாரும் காண முடியாது, மற்றவருக்கும் அவரவர் அப்படியே, ஆகையால் தன் நலம் விரும்புபவன் பிறரைத் துன்புறுத்த மாட்டான் என்கிறார். கடைசிக் கட்டத்துக்குத் தேவையான விதை இதுதான்: எனக்கு நான் எப்படியோ, அவருக்கு அவர் அப்படி.

சிலருக்குத் தனக்கு என்று சொல்லவே வாய் வராது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிட்டே பழகிய அம்மாக்களுக்கு இது அடிக்கடி நடக்கும். தொண்டை அடைக்கும், அல்லது வெறுமையாக இருக்கும். கட்டாயப்படுத்த வேண்டாம். இரண்டாவது படியைத் தொடங்கச் சொல்லுங்கள். நண்பருக்கு வரி இயல்பாக வரத் தொடங்கியதும், "நாங்க ரெண்டு பேரும் பகை இல்லாம இருக்கணும்" என்று தன்னையும் உள்ளே சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: நண்பருக்கு

"உங்களுக்கு நல்லது செஞ்ச அந்த ஒருத்தரை நினைச்சுக்கோங்க. அவர் முகம் தெளிவா தெரியலேன்னா பரவாயில்லை. அவர் உங்க பேரைக் கூப்பிடுற விதம் ஞாபகம் வந்தா போதும். அவருக்கும் என்னைப் போல நிம்மதி வேணும்.

நீங்க பகை இல்லாம இருக்கணும்.
உங்க மனசு நோகாம இருக்கணும்.
உங்க உடம்புக்கு வாதை இல்லாம இருக்கணும்.
நீங்க சுகமா உங்களைப் பார்த்துக்கணும்."

நண்பரை "நீ" என்று கூப்பிடும் பழக்கம் இருந்தால் "நீ" என்றே சொல்லச் சொல்லுங்கள். எதிரில் இருப்பவரிடம் பேசுவதுபோல இருக்க வேண்டும்.

இதற்கு எட்டு நிமிடம் கொடுங்கள். மனது இளகுவது இங்கேதான். இளகும்போது கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. மெத்தாவுக்கு இரண்டு எதிரிகளைச் சொல்கிறது விசுத்திமக்கம். தொலைவில் இருக்கும் எதிரி வெறுப்பு; அதை யாரும் மெத்தா என்று நினைத்து ஏமாற மாட்டார்கள். பக்கத்திலேயே இருக்கும் எதிரி பற்று. அது மெத்தாவின் முகத்தோடேயே வரும். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி: வரியைச் சொல்லும்போது காட்சிகள் ஓடத் தொடங்குகின்றனவா? அவர் ஏன் போன் பண்ணவில்லை, நம்மை மறந்துவிட்டாரா, திரும்ப எப்போது பார்ப்போம் என்று மனது நீள்கிறதா? அப்படியென்றால் விருப்பத்தின் மையம் அவரிடமிருந்து நம்மிடம் நகர்ந்துவிட்டது. அவர் நன்றாக இருப்பது நம் பக்கத்தில் இருந்துதான் என்று நிபந்தனை ஒட்டிக்கொண்டது. நடத்துபவராக நீங்கள் நடுவில் ஒரு தடவை இதை மட்டும் சொன்னால் போதும்: "அவர் எங்கே இருந்தாலும், என்னை நினைச்சாலும் நினைக்காட்டியும்."

இதற்குப் பிறகு நடுநிலையானவருக்கு நான்கு நிமிடம். அதே வரிகள்தான். இங்கே எதுவும் தோன்றாமல் தூக்கம் வரும், அது எதிர்பார்த்ததுதான். இந்தப் படியைத் தாண்டிப் போகும் ஆசை நடத்துபவருக்கு வரும். தாண்டாதீர்கள். எந்த உறவும் இல்லாத ஒருவருக்கு நலம் விரும்பிப் பழகாத மனதை நேரடியாகப் பகைவரிடம் கொண்டுபோனால் அது சண்டைக்குத்தான் போகும்.

மூன்றாம் படி: ஒத்துவராதவருக்கு

எட்டு நிமிடம். முதல் நிமிடத்தில் வரியே வேண்டாம். அவரை அறையின் மூலையில், தூரத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் இங்கே வந்து பேசப்போவதில்லை. தியானம் செய்பவரும் எழுந்து போகப்போவதில்லை. அப்புறம்:

"அவர் செஞ்சது சரின்னு நான் சொல்லலை. அவரை மன்னிச்சேன்னும் சொல்லலை. எனக்கு வலி வேண்டாம்ங்கிற மாதிரி அவருக்கும் வலி வேண்டாம். அது மட்டும்.

அவர் பகை இல்லாம இருக்கணும்.
அவர் பகை இல்லாம இருக்கணும்.
அவர் பகை இல்லாம இருக்கணும்."

முதல் வாரங்களில் இந்த ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறேன். நான்கு வரிகளில் பகைவருக்குச் சொல்ல மிக எளிதானது இதுதான். நம்மைத் துன்புறுத்தியவர் மனதில் பகை இல்லாமல் இருந்திருந்தால் அதைச் செய்திருக்கவே மாட்டார். ஆகவே அவருக்குப் பகை இல்லாமல் போக வேண்டும் என்று விரும்புவதில் பொய் கலக்காது. கோபத்தில் இருப்பவராலும் மனசாரச் சொல்ல முடிகிற வரி. "சுகமா இருக்கணும்" என்பது அப்படி இல்லை; அவருக்கு இன்னும் என்ன சுகம் வேண்டுமாம் என்று உள்ளிருந்து பதில் வரும். அந்த வரியைப் பின்னால் சேர்க்கலாம். இங்கே நண்பரைப்போல "நீங்க" என்று கூப்பிடவும் சொல்ல வேண்டாம். "அவர்" என்ற தூரம் பாதுகாப்பானது.

இந்தக் கட்டத்தில் தவறு மூன்று வேடத்தில் வரும். ஒன்று வெளிப்படையான கோபம்: தாடை இறுகும், மூச்சு மேலே ஏறும், மனது பழைய வாக்குவாதத்தைத் தொடரும். இரண்டாவது உபதேசம்: "அவருக்குப் புத்தி வரணும், திருந்தணும்" என்று வரி தானாக மாறும். கேட்க நல்ல விருப்பம்போல இருக்கும். உள்ளே இருப்பது தீர்ப்பு. மூன்றாவது கசப்பு. சண்டை முடிந்து வாசலைத் தாண்டும்போது "நல்லா இருங்க!" என்று சொல்லிவிட்டுப் போகிறோமே, அந்தத் தொனி. மூன்றில் எது வந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றே. அவரை அங்கேயே விட்டுவிட்டு நண்பரிடம் திரும்ப வேண்டும். நூலும் இதையே சொல்கிறது: வெறுப்பு எழுந்தால் முந்தைய ஆட்களிடம் திரும்பிப் போய் மெத்தாவை மீட்டுக்கொண்டு வா. "கோபம் வந்தவங்க நண்பர்கிட்ட திரும்பிப் போங்க. அது தோல்வி இல்லை, பயிற்சியில அதுதான் அடுத்த படி" என்று நடுவில் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

ஒருவரின் அனுபவம்

குழுவில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் ஒருவரின் அனுபவத்தை அவர் அனுமதியோடு சொல்கிறேன். அயனாவரத்தில் வாடகை வீடு. மாத வாடகை 15,000, சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் 1,50,000. காலி செய்தபோது பெயின்ட், ரிப்பேர் என்று 60,000 பிடித்துக்கொண்டார் வீட்டு உரிமையாளர். மீதியையும் இந்த மாதம், அடுத்த மாதம் என்று இழுத்தார்.

அக்கா முதல் அமர்விலேயே அவரை எழுதி வைத்துவிட்டார். முடிந்ததும் என்னிடம், "தம்பி, எட்டு நிமிஷமும் அந்த ஆள்கிட்ட கணக்குக் கேட்டுக்கிட்டே இருந்தேன்" என்றார். அடுத்த வாரத்துக்கு ஆளை மாற்றினோம். புது வீட்டில் மாடிப்படியில் செருப்பைப் பரப்பிவைக்கும் கீழ்வீட்டுப் பெண். அதில் சில வாரம். அவரைப் பார்த்தால் எரிச்சல் வராத அளவுக்கு ஆனதும், பழைய வீட்டு உரிமையாளரை மறுபடி எடுத்துக்கொண்டார், அந்த ஒரே வரியோடு.

கோபம் திரும்ப வந்தது. அப்போது அங்குத்தர நிகாயத்தில் புத்தரின் சீடர் சாரிபுத்தர் சொல்லும் ஒரு முறையைக் கொடுத்தேன். கந்தைத் துணியை ஆடையாக உடுத்தும் துறவி, தெருவில் கிடக்கும் கந்தையைக் காணும்போது இடது காலால் மிதித்து, வலது காலால் விரித்து, அதில் உறுதியான பகுதியை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு போவார். நடத்தை கெட்ட ஒருவரிடமும் அப்படி நல்ல பகுதி எது என்று பார்க்க வேண்டும். அக்காவுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. மாமனாருக்கு நடுராத்திரியில் நெஞ்சுவலி வந்தபோது, அந்த மனிதர்தான் லுங்கியோடு இறங்கி வந்து தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஒரு வருடமாக அந்த ராத்திரி அக்காவின் கணக்கிலேயே இல்லாமல் போயிருந்தது. அதற்குப் பிறகு அந்த வரி அவருக்கு வாயில் தங்கியது.

வக்கீல் நோட்டீசை அவர் நிறுத்தவில்லை. அனுப்பினார். வரைவில் அந்த மனிதரின் மகளைப் பற்றி ஒரு வாக்கியம் இருந்ததை மட்டும் அடிக்கச் சொல்லிவிட்டார். வழக்குக்கு அது தேவையே இல்லை, காயப்படுத்த எழுதியது. கோபத்தில் திருப்பித் தராமல் வைத்திருந்த மோட்டார் ரூம் சாவியையும் கொண்டுபோய்க் கொடுத்தார். பணத்தில் இன்னும் ஒரு பகுதி வரவேண்டியிருக்கிறது.

சாவி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எதுவும் பலிக்காதபோது கடைசி வழியாக, அந்த மனிதருக்கு எதையாவது கொடு என்கிறது விசுத்திமக்கம். சித்தலபப்பத விகாரையில், தன்னை மூன்று முறை இருப்பிடத்திலிருந்து எழுப்பிவிட்ட மூத்த துறவிக்கு, பிச்சையேற்று வாழ்ந்த ஒரு தேரர் தன் பிச்சைப் பாத்திரத்தைக் கொடுக்கிறார். எட்டு கஹாபண நாணயம் மதிப்புள்ளது, அவருடைய அம்மா கொடுத்தது. இருப்பிடத்தைப் பறித்தவருக்குப் பாத்திரம். பொருள் சின்னதாகவும் இருக்கலாம். கை நீளும்போது மனதும் கொஞ்சம் நகர்கிறது. ஆனால் உங்களுக்குச் சேர வேண்டியதை விட்டுக்கொடுப்பதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கொடுப்பது வேறு, இழப்பது வேறு.

கட்டாயம் எழும் ஒரு கேள்வி

சென்னையில் இந்தக் கேள்வி வராத குழு இருக்க முடியாது. அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் இங்கே சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1956-இல் அம்பேத்கர் தீட்சை பெற்றார். அந்த வழியில் வந்த குடும்பங்கள் நம் குழுக்களில் இருக்கின்றன. அவர்களில் ஒருவர் கேட்பார்: "தலைமுறை தலைமுறையா மிதிச்சவங்க நல்லா இருக்கணும்னு நான் ஏன் நினைக்கணும்? அடங்கிப் போன்னு சொல்றதுக்கு இது இன்னொரு வழியா?"

நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். மெத்தா முழுமையடைந்ததா என்று பார்க்க விசுத்திமக்கம் ஒரு சோதனை வைக்கிறது. தியானம் செய்பவர், அவருடைய நண்பர், நடுநிலையானவர், பகைவர் நால்வரும் ஓரிடத்தில் இருக்கிறார்கள். கொள்ளையர் வந்து, பலி கொடுக்க ஒருவரைத் தா என்கிறார்கள். பகைவரை எடுத்துக்கொள் என்றால், நால்வருக்கும் இடையே மனது போட்டிருக்கும் எல்லை உடையவில்லை. அது நமக்குப் புரிகிறது. என்னையே எடுத்துக்கொள், மற்றவர்களை விட்டுவிடு என்றாலும் எல்லை உடையவில்லை என்கிறது நூல். தன்னைத் தாழ்த்திவிட்டார், அவ்வளவுதான். நால்வரில் ஒருவரையும் தரத் தோன்றாதபோதே சமநிலை. தன்னைப் பலியாக்குவது மெத்தா இல்லை என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. உரிமைக்காகப் புகார் கொடுப்பதையும் வழக்குப் போடுவதையும் தெருவில் நின்று கேட்பதையும் மெத்தா தடுக்காது. அம்பேத்கரும், கருணை மனிதர் மீதானது, மைத்ரி உயிர்கள் எல்லாவற்றின் மீதுமானது என்று சொல்லி, அன்பு மட்டும் போதாது, மைத்ரி வேண்டும் என்றார். போராட்டத்தை விட்டவர் இல்லை அவர்.

இந்தப் பதிலைச் சொல்லிவிட்டு, சாதியால் அவமானப்படுத்திய ஆளை இன்றே மூன்றாம் இடத்தில் எழுது என்று யாரையும் கேட்காதீர்கள். அவர் எப்போது எடுத்துக்கொள்வார், எடுத்துக்கொள்வாரா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்.

முடிக்கும் விதம்

பகைவரோடு அமர்வை முடிக்காதீர்கள். கடைசி மூன்று நிமிடம், அறையில் இருப்பவர்கள், இந்தத் தெரு, இந்த ஊர், எல்லா உயிர்கள் என்று விரித்து, ஒரே வரியைச் சொல்லுங்கள்: "எல்லாரும் பகை இல்லாம இருக்கணும்." பிறகு இரண்டு நிமிடம் முழு அமைதி. அதன் பின் புண்ணியத்தைச் சமர்ப்பித்துவிட்டு, விளக்கைப் போட்டுத் தண்ணீர் கொடுங்கள். யாராவது அழுதிருந்தால் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். குழுவின் முன் காரணம் கேட்க வேண்டாம்.

பேச்சு நேரத்தில் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்ற பதில்தான் வரும். "எந்த வரியில சிக்கிச்சு?" என்று கேளுங்கள். உடம்பு வரியில் சிக்கியவர் தன் நோயைப் பற்றிப் பேசுவார். சுகம் வரியில் சிக்கியவருக்குப் பெரும்பாலும் பகைவர் இடத்தில் எழுதிய ஆள் பெரிய ஆளாக இருக்கும். அடுத்த வாரத்துக்குச் சிறிய ஆளை யோசிக்கச் சொல்லலாம். ஆளை வாராவாரம் மாற்ற வேண்டாம். அதே பெயரோடு குறைந்தது மூன்று நான்கு வாரம் உட்காரட்டும். தெருவில் அந்த மனிதரை எதிர்பாராமல் பார்க்கும்போது வயிறு முன்புபோல இறுகவில்லை என்றால், அடுத்த பெயரை எழுதிக்கொள்ளலாம்.